ஜனவரி குளிர்ல ஜன்னல் முழுக்க ஈ... எங்கிருந்துதான் வருது இதெல்லாம்?

வெளியே 4 டிகிரி. புல் மேல் ராத்திரி படிந்த உறைபனி இன்னும் கரையவில்லை. ஆனால், ஒரு வாரத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் நல்ல வெயில். சந்தோஷமாக ஜன்னல் திரையை விலக்குகிறீர்கள். கண்ணாடியில் 30, 40 ஈக்கள் மந்தமாக ஊர்ந்துகொண்டிருக்கின்றன. ஜன்னல் திண்டில் இன்னும் ஒரு 20, மல்லாந்து கிடந்து காலை உதைக்கின்றன. நேற்று ராத்திரி தூங்கும்போது ஒன்றுகூட இல்லை. ஜன்னலும் மூடித்தான் இருந்தது.

இங்கிலாந்திலோ, அயர்லாந்திலோ, கனடாவிலோ பழைய வீட்டின் மேல்மாடியில் குளிர்காலத்தைக் கழித்தவர்கள் பலருக்கு இந்தக் காட்சி பழக்கமானது. என் நண்பன் ஒருவன் மேற்படிப்புக்காக லீட்ஸ் போனபோது அவனுக்கும் இதுதான் நடந்தது. நான்கு பேர் சேர்ந்து எடுத்த வாடகை வீடு. வாடகை கம்மி என்று கூரைக்கு அடியில் இருந்த சரிவான அறையை அவன் எடுத்துக்கொண்டான். ஜனவரி இரண்டாவது வாரம், வீட்டைப் பார்க்க வந்த ஏஜென்சிக்காரர் ஜன்னல் திண்டைப் பார்த்தார். மறுநாளே மெயில் வந்துவிட்டது. 'அறையில் உணவுக் கழிவு இருப்பதாகத் தெரிகிறது, உடனே சுத்தம் செய்யவும், இல்லையென்றால் கிளீனிங் செலவு டெபாசிட்டில் கழிக்கப்படும்.'

பையன் பதறிவிட்டான். நம்ம ஊர்ப் புத்திக்கு ஈ என்றால் குப்பை, சாக்கடை, மாம்பழ சீசன். அவன் மூட்டை அரிசியைக் கொட்டிப் பார்த்தான். சமையலறையை பிளீச் போட்டுக் கழுவினான். அம்மா கொடுத்தனுப்பிய ஊறுகாய் பாட்டிலைக்கூட தூக்கிப் போட்டுவிட்டான். (அதுக்குத்தான் இன்னிக்கும் வருத்தப்படுறான்.) அடுத்த வெயில் நாளில் மறுபடியும் 40 ஈ.

அவன் வீட்டில் குப்பையே இல்லை. அந்த ஈக்கள் குப்பையில் பிறக்கும் வகையே கிடையாது.

இது வீட்டு ஈ இல்லைங்க!

இதன் பெயர் கிளஸ்டர் ஃப்ளை. கூட்டமாக ஒடுங்கிக் கிடப்பதால் வந்த பெயர். அறிவியல் பெயர் பொல்லினியா. ஐரோப்பாவில் இதில் பல இனங்கள் உண்டு. வட அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவிலிருந்துதான் போய்ச் சேர்ந்தது.

அடையாளம் காண உங்கள் போன் கேமராவே போதும். செத்துக் கிடக்கும் ஒன்றை வெள்ளைத் தாளில் வைத்து, கிட்டப்போய் ஒரு போட்டோ எடுத்து ஜூம் பண்ணுங்கள். தலைக்குப் பின்னால், இறக்கை முளைக்கும் பகுதியில், சுருள் சுருளாகப் பொன்னிற முடிகள் தெரிந்தால் அது கிளஸ்டர் ஃப்ளை. வீட்டு ஈயின் முதுகில் அந்த இடத்தில் நீளவாக்கில் நான்கு கறுப்புக் கோடுகள் இருக்கும், பொன்முடி இருக்காது. கொஞ்சம் பழைய ஈ என்றால் முடி உதிர்ந்திருக்கலாம். அப்போது உயிரோடு உட்கார்ந்திருக்கும் ஈயின் இறக்கையைப் பாருங்கள். கிளஸ்டர் ஃப்ளை இறக்கைகளைக் கத்தரிக்கோல் மூடியது மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக மடித்து வைத்திருக்கும். வீட்டு ஈயின் இறக்கைகள் பின்பக்கம் விரிந்து நிற்கும். அளவிலும் இது வீட்டு ஈயைவிடக் கொஞ்சம் பெரிசு.

எல்லாவற்றையும்விட நம்பகமான அடையாளம், அதன் சோம்பேறித்தனம்தான். வீட்டு ஈயை அடிக்கக் கையை ஓங்கினாலே பறந்துவிடும். இதை விரலால் தள்ளினால்கூட 'என்னப்பா?' என்பது மாதிரி நகர்ந்து உட்காரும்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் ஜன்னலில் இருப்பவை பளபளவென்று உலோக நீலமாக இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கானது இல்லை. அது வேறு ஈ. குளிர்காலத்தில் மூடிய வீட்டுக்குள் நீல ஈக்கள் திடீரென்று ஒரே சமயத்தில் பத்து இருபது வந்தால், பெரும்பாலும் பரணிலோ, சுவர் இடுக்கிலோ, புகைபோக்கியிலோ எலியோ பறவையோ செத்துக் கிடக்கிறது என்று அர்த்தம். லேசான நாற்றமும் இருக்கும். தேடித்தான் ஆகணும்.

பிறந்த இடம், மண்புழுவின் வயிறு

கிளஸ்டர் ஃப்ளை எங்கே பிறக்கிறது என்பது ஒரு காலத்தில் பெரிய புதிராக இருந்தது. வீட்டுக்குள் ஆயிரக்கணக்கில் கிடக்கும். ஆனால் அதன் புழுவை எந்தக் குப்பையிலும், சாணத்திலும் பார்க்க முடியவில்லை. இந்த முடிச்சை அவிழ்த்தவர்களில் முக்கியமானவர் டேவிட் கெய்லின். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் இருந்த இளம் விஞ்ஞானி. மண்புழுக்களை அறுத்துப் பார்த்தபோது, உள்ளே இந்த ஈயின் புழு இருந்தது. (இதே கெய்லின்தான் பிறகு கேம்பிரிட்ஜ் போய், நம் உடலின் செல்கள் மூச்சுவிடப் பயன்படுத்தும் சைட்டோகுரோம் பற்றி 1925-ல் எழுதிப் புகழ் பெற்றார். அந்த ஆராய்ச்சியும் ஒரு ஈயின் புழுவில் தொடங்கியதுதான்!)

கதை இப்படிப் போகிறது. வசந்த காலத்தில் வெளியே போகும் பெண் ஈ, புல்வெளியில் மண் வெடிப்புகளுக்குள் முட்டையிடும். சில நாள்களில் பொரிந்துவரும் குட்டிப் புழு, மண்ணுக்குள் ஊர்ந்து ஒரு மண்புழுவைத் தேடும். கிடைத்தால் அதன் உடம்புக்குள் புகுந்து, உள்ளேயிருந்தே தின்று வளரும். சுவாசிக்க வேண்டுமே? அதற்காக மண்புழுவின் தோலில் ஒரு ஓட்டை போட்டு, தன் பின்பக்கத்தை அதன் வழியே வெளியே நீட்டிக்கொள்ளும். வளர்ந்து முடித்ததும் வெளியேறி, மண்ணிலேயே கூட்டுப்புழுவாகி, ஈயாகப் பறந்துவிடும். கோடையில் இதெல்லாம் முடிய ஒரு மாதம், கொஞ்சம் கூடக் குறைய ஆகும். அதனால் ஒரு வருஷத்தில் இரண்டு, மூன்று தலைமுறைகள் வந்துவிடும்.

வளர்ந்த ஈக்கு வேலை பூக்களில். கோடை முழுக்கத் தேன் குடித்துக்கொண்டு வெளியேதான் திரியும். உங்கள் சாப்பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது கடிக்காது. வீட்டு ஈ மாதிரி மலத்திலும் குப்பையிலும் உட்கார்ந்துவிட்டு உங்கள் தட்டில் வந்து உட்காரும் பழக்கமும் அதற்குக் கிடையாது.

சுற்றிலும் புல்வெளியும் மேய்ச்சல் நிலமும் இருக்கும் ஊர்களில் இது அதிகமாக இருப்பதற்கு மண்புழுதான் காரணம். அந்தப் புல்வெளியை ஒழிக்க முடியாது, மண்புழுவை ஒழிக்கவும் கூடாது. ஆக, பிறக்கும் இடத்தில் இந்த ஈயைத் தடுக்க வழியே இல்லை.

வந்தது ஜனவரியில் இல்லை, செப்டம்பரில்!

இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். ஜனவரியில் ஈயைப் பார்க்கிறோம், அதனால் ஜனவரியில் ஏதோ வழியாக உள்ளே வந்துவிட்டது என்று நினைத்து அன்றைக்கு ஜன்னலை டேப் போட்டு ஒட்டுகிறோம். உண்மையில் அவை உங்கள் வீட்டுக்குள் வந்து நான்கு மாதம் ஆகிவிட்டது.

ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் வாக்கில் ராத்திரிகள் குளிர ஆரம்பிக்கும்போது, அந்த வருஷத்தின் கடைசித் தலைமுறை ஈக்கள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டு, உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, குளிருக்கு ஒதுங்க இடம் தேடும். அந்த நாள்களில் மதியம் உங்கள் வீட்டின் தெற்கு அல்லது மேற்குச் சுவரை வெளியே நின்று பாருங்கள். வெயில் பட்டுச் சூடான அந்தச் சுவரில் ஈக்கள் உட்கார்ந்து குளிர்காயும். மாலையில் சுவர் குளிர்ந்ததும், பக்கத்தில் இருக்கும் இடுக்கில் நுழைந்து மேலே மேலே ஏறும். ஓடுகளுக்கு அடியில், கூரை விளிம்புப் பலகையின் பிளவில், ஜன்னல் சட்டத்துக்கும் செங்கல்லுக்கும் நடுவே... சில மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் போதும். கடைசியில் கூரையின் உச்சிக்குக் கீழே, பரணில், சுவர்களுக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்தில் கொத்தாக ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். சாப்பாடு வேண்டாம். இனப்பெருக்கமும் கிடையாது. அதாவது, உங்கள் வீட்டில் அது குட்டி போட்டுப் பெருகவில்லை. பார்ப்பது எல்லாமே செப்டம்பரில் ஏறியவைதான்.

ஆழ்ந்த தூக்கம் என்றும் சொல்ல முடியாது. குளிரில் உறைந்து கிடக்கும், அவ்வளவுதான். ஜனவரியில் ஒரு நாள் வானம் தெளிந்து, சூரியன் தாழ்வாகத் தெற்கிலிருந்து கூரை மேல் நேராக அடிக்கும்போது, ஓட்டுக்குக் கீழே இருக்கும் காற்று சட்டென்று சூடாகும். வெளியே 4 டிகிரிதான். ஆனால் கூரைக்குக் கீழே ஈக்கு வசந்தம் வந்துவிட்டது! கூடவே அறையின் ஹீட்டர் வேறு. ஈக்கள் விழித்து, வெளியே போகணும் என்று வெளிச்சத்தை நோக்கி நகரும். ஆனால் அவை வந்த இடுக்கைவிட, உங்கள் அறையிலிருந்து கசியும் வெளிச்சம் பிரகாசமாகத் தெரிகிறது. சீலிங்கில் பதித்த லைட்டைச் சுற்றியுள்ள இடைவெளி, பரண் கதவின் ஓரம், ஜன்னல் சட்டத்தின் பிளவு வழியாக அறைக்குள் இறங்கி, அறையிலேயே வெளிச்சமான இடத்துக்கு, அதாவது ஜன்னலுக்குப் போய் முட்டிக்கொண்டு நிற்கும்.

அங்கே கண்ணாடி. வெளியே போக முடியாது. திரும்பிப் போகவும் தெரியாது. சேர்த்து வைத்த கொழுப்பு எரிந்துகொண்டே இருக்கும். ஹீட்டர் போட்ட அறையின் வறண்ட காற்றில் உடம்பு காய்ந்து, ஒன்றிரண்டு நாளில் திண்டில் விழுந்துவிடும்.

நண்பன் செய்த துப்பறியும் வேலை

ஊறுகாய் போன பிறகுதான் நண்பன் நிதானமானான். ஒரு வாரம் போனில் குறித்து வைத்தான். வெயில் அடித்த நாள்களில் காலை 11 மணிக்கு ஆரம்பித்து மதியம் 2 மணி வரை ஈ. மேகமூட்டமான நாள்களில் ஒன்றுகூட இல்லை. கீழ்த்தளச் சமையலறையில், எச்சில் பாத்திரம் குவிந்து கிடந்தபோதும், ஒரு ஈ கிடையாது. அவன் அறையிலும் தெற்குப் பக்கக் கூரை ஜன்னலில் மட்டும்தான்.

குப்பையில் பிறந்த ஈ என்றால் வெயில், மேகம் பார்த்தா வரும்? குப்பை இருக்கும் சமையலறையை விட்டுவிட்டு மாடி ஏறியா வரும்? இந்த இரண்டு கேள்வியே பாதி விடையைச் சொல்லிவிட்டது.

மீதிப் பாதிக்கு அவன் செய்தது எளிய காரியம். அறைக்குள் வெளியிலிருந்து திறப்பு என்று இருந்தவை மூன்றுதான். கூரை ஜன்னலின் சட்டம், சீலிங்கில் பதித்த இரண்டு லைட்கள், சரிந்த சுவருக்குப் பின்னால் பெட்டி வைக்கும் இடத்துக்கான குட்டிக் கதவு. மூன்றையும் சுற்றி சுவரில் பெயின்ட் உரியாத பேப்பர் டேப் ஒட்டினான். அடுத்த வெயில் நாளில் ஈ வரவே இல்லை. பிறகு ஒவ்வொரு வெயில் நாளுக்கும் ஒன்றாகப் பிரித்தான். ஜன்னல் டேப்பைப் பிரித்த அன்று இரண்டு ஈ. லைட் டேப்பைப் பிரித்த அன்று எதுவும் இல்லை. குட்டிக் கதவின் டேப்பைப் பிரித்த அன்று, கதவின் கீழ் இடுக்கிலிருந்து வரிசையாக வெளியே வருவதை உட்கார்ந்து வீடியோ எடுத்தான்.

கதவைத் திறந்து டார்ச் அடித்தால், உள்ளே கூரைக் கட்டைகளின் மூலையில் கறுப்பாகத் திட்டுத் திட்டாக ஈக்கூட்டம். வீடியோ, தேதி வாரியான குறிப்பு, பொன்முடி தெரியும் க்ளோஸ்-அப் போட்டோ எல்லாவற்றையும் ஏஜென்சிக்கு அனுப்பினான். 'இவை கூரை வழியாக வருகின்றன, கூரை உங்கள் பொறுப்பு' என்று ஒரே ஒரு வரி எழுதினான். ஸாரி என்று பதில் வரவில்லை. ஆனால் கிளீனிங் செலவு பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை. ஜூனில் வீட்டைக் காலி செய்தபோது டெபாசிட் முழுசாகத் திரும்பி வந்தது.

வாடகைக்கு இருப்பவர்கள் இந்தக் குறிப்பு எழுதும் வேலையை முதல் நாளே ஆரம்பித்துவிடுவது நல்லது. தேதி, நேரம், வெயிலா மேகமா, எந்த ஜன்னல்... இவ்வளவு போதும்.

ஸ்பிரே அடிக்கலாமா?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். ஜன்னலில் இருக்கும் ஈக்கு அடித்தால் சாகும். ஆனால் அது எப்படியும் நாளைக்குச் சாகப்போவதுதான். மேலே கிடக்கும் நூற்றுக்கணக்கான ஈக்களை அது தொடாது. அடுத்த வெயிலில் அடுத்த கூட்டம் இறங்கும்.

'அப்போ பரணுக்கே மருந்து அடிச்சிடலாமே?' அதிலும் சிக்கல் இருக்கிறது. சுவர் இடுக்குகளில் கும்பலாகச் செத்துக் கிடக்கும் ஈக்கள், கார்பெட் வண்டுகளுக்கு விருந்து. அவற்றின் ரோமம் முளைத்த குட்டிப் புழுக்கள் ஈப் பிணத்தைத் தின்று தீர்த்துவிட்டு, கம்பளி, பட்டு என்று தேடி வரும். சூட்கேஸில் ஆசையாக எடுத்துப்போன பட்டுப்புடவையோ, பட்டு வேட்டியோ இருந்தால் ஈயைவிட இதுதான் பெரிய ஆபத்து. இரண்டாவது சிக்கல், வௌவால். பிரிட்டனில் பழைய கூரைகளில் வௌவால்கள் தங்குவது சகஜம். அவற்றுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அவை இருக்கும் கூரையில் தெரியாத்தனமாக மருந்தடிப்பதோ, வழியை அடைப்பதோகூட குற்றமாகிவிடலாம். கூரையில் கை வைப்பதற்கு முன் வௌவால் எச்சம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது அதனால்தான்.

குளிர்காலத்தில் கைகொடுப்பது வேக்குவம் கிளீனர் மட்டும்தான். தினமும் மதியம் ஒரு தடவை உறிஞ்சி எடுத்து, உடனே பையை வெளியே கொட்டிவிடுங்கள். உள்ளேயே விட்டால் உயிரோடு இருப்பவை மறுபடி ஊர்ந்து வெளியே வரும். நசுக்காதீர்கள். சுவரிலும் திரையிலும் கறை படியும். அறைப் பக்கத்து இடுக்குகளை டேப்போ, கதவு ஓர ஃபோமோ வைத்து அடைத்தால், ஈ பரணிலேயே நின்றுவிடும்.

உண்மையான அடைப்பு வேலை ஆகஸ்டில், வெளிப்பக்கம். ஜன்னல் சட்ட இடுக்கு, பைப் நுழையும் ஓட்டை, கூரை விளிம்பு, இவற்றை சீலன்ட் வைத்து மூட வேண்டும். கூரைக்குக் காற்றுப் போகும் துளைகளை மட்டும் அடைத்துவிடக் கூடாது. அடைத்தால் பரணில் ஈரம் கட்டி மரம் உளுக்கும். அங்கே கொசுவலை மாதிரி நெருக்கமான கம்பி வலைதான் சரி. இதையெல்லாம் ஹவுஸ் ஓனர்தான் செய்ய வேண்டும். அவர் செய்தாலும் நூறு வருஷத்துப் பழைய ஓட்டுக் கூரையை முழுசாக அடைக்க முடியாது. எண்ணிக்கை குறையும், அவ்வளவுதான். அதே சுவர், அதே வெயில், அதே இடுக்கு என்பதால், வருஷா வருஷம் புதிய தலைமுறை ஈக்கள் அதே வீட்டுக்குத்தான் வரும். பக்கத்து வீட்டில் ஒன்றுகூட இருக்காது. அந்த எரிச்சலுக்கு மருந்தில்லை.

கூட யாரெல்லாம் குடியிருக்காங்க?

ஜன்னல் திண்டில் ஈயோடு வேறு சிலரும் இருப்பார்கள். எல்லோரும் அதே செப்டம்பர் வழியாக வந்தவர்கள்தான். ஆரஞ்சு, சிவப்பு நிறத்தில் நிறையப் புள்ளிகளோடு கும்பலாக இருந்தால் ஆசியப் பொறிவண்டு. பிரிட்டனுக்கு 2004-ல்தான் வந்தது. கோடை முழுக்கச் செடிகளில் அசுவினியைத் தின்றுவிட்டு வரும். சீண்டினால் மஞ்சளாக ஒரு நாற்றத் திரவத்தை விடும், திரையில் கறை போகாது. அமெரிக்கா, கனடா என்றால் கேடயம் மாதிரி உடம்போடு ஒரு பழுப்புப் பூச்சி, ஸ்டிங்க் பக். இதுவும் கிழக்கு ஆசியாவிலிருந்து போனது; தோட்டத்துப் பழங்களில் சாறு உறிஞ்சி வளரும். நசுக்கினால் கெட்டுப்போன கொத்தமல்லி வாசனை! பழுப்பேறிய உடம்பும் வலை மாதிரி இறக்கையுமாக ஒன்று தனியாக நின்றால் அது லேஸ்விங். கோடையில் பச்சையாக இருந்ததுதான், குளிருக்கு நிறம் மாறிவிட்டது. தோட்டத்துக்கு நல்லது செய்யும் பூச்சி. ஒரு டம்ளரில் பிடித்து, சூடில்லாத ஷெட்டிலோ கராஜிலோ விட்டுவிடலாம். பெரிய குளவி ஒன்று மட்டும் தூங்கி வழிந்துகொண்டிருந்தால் அது ராணி. அதனிடம் விரல் விளையாட்டு வேண்டாம், கொட்டும்.

மார்ச் கடைசி, ஏப்ரலில் பிழைத்திருக்கும் ஈக்கள் மொத்தமாக விழித்துக் கிளம்பும். அந்த ஒன்றிரண்டு வாரம் ஜனவரியைவிட மோசமாக இருக்கும், பயப்படாதீர்கள். வெயில் அடிக்கும் மதியத்தில் அந்தக் கூரை ஜன்னலை அரை மணி நேரம் அகலத் திறந்து வையுங்கள். அவையே புல்வெளியைத் தேடிப் போய்விடும்.